பணி ஓய்வு விழா: வரவேற்புரைக்கு முன்பே எல்லோரையும் உட்கார வைப்பது

கேள்வி: அப்பா மே 31 அன்று ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் ஃபர்னிஷிங் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆகிறார். பெரம்பூரில் ஒரு மினி ஹால் எடுத்திருக்கிறோம். மாலை 6 மணி, சுமார் 200 பேர். ஹால் முதல் மாடியில், சாப்பாடு கீழே, லிஃப்ட் கிடையாது. மூத்த பெண் நான்தான், வரவேற்புரையும் என் தலையில். 84 வயது ஆயா முதல் கைக்குழந்தை வரை வருவார்கள். என் மாமியார் வீட்டாரும் உண்டு. வரவேற்பது, உட்கார வைப்பது இரண்டையும் ஒரே பேச்சில் எப்படிச் செய்வது?

பதில்:

ஒரே பேச்சில் செய்யாதீர்கள். இரண்டும் வேறு வேறு நேரத்தில் நடக்க வேண்டிய வேலைகள். உட்கார வைப்பது 6 மணிக்கு ஆரம்பித்து அப்பா வந்து சேரும் வரை, கொஞ்சம் மைக்கிலும் அதிகமாகக் கையைப் பிடித்தும் நடக்க வேண்டியது. வரவேற்புரை, அப்பா மேடையில் உட்கார்ந்த பிறகு நான்கு நிமிடம். இரண்டையும் சேர்த்தால் என்ன நடக்கும் என்று இந்தப் பக்கத்து ரிட்டயர்மென்ட் விழாக்களில் மைக் பிடித்தவன் என்ற முறையில் எனக்கு நன்றாகத் தெரியும். "மதிப்பிற்குரிய" என்று ஆரம்பிக்கும்போதே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கும். பேசுகிறவர் பாதியில் நிறுத்தி "அந்தப் பக்கம் இடம் இருக்கு" என்பார். அப்புறம் எந்தப் பெயரில் விட்டோம் என்று தாளைத் தேடுவார்.

முதலில் அன்றைய நாள் எப்படிப் போகும் என்று பார்ப்போம். மத்திய அரசு ஊழியர் 60 வயது முடியும் மாதத்தின் கடைசி நாளில்தான் ஓய்வு பெறுகிறார். 1ஆம் தேதி பிறந்தவர் மட்டும் அதற்கு முந்தைய மாதக் கடைசியில். ஆகவே தேதி உங்கள் கையில் இல்லை. அதிலும் மே 31 கொஞ்சம் நெரிசலான நாள். அந்தக் காலத்தில் ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயது சரியாக வருவதற்காக மே, ஜூன் என்று ஒரு தேதியைப் போட்டுவிடுவார்கள். அந்தத் தேதியோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாம் ஒரே மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார்கள். அதனால் அப்பாவின் ஷாப் ஆட்களுக்கும் சங்கத்துக்காரர்களுக்கும் அன்று மாலை உங்கள் விழா மட்டும் இருக்காது. அயனாவரத்தில் ஒன்று, வில்லிவாக்கத்தில் ஒன்று என்று சுற்றிக்கொண்டிருப்பார்கள். வருவார்கள், சால்வை போடுவார்கள், கிளம்பிவிடுவார்கள். அவர்களை வரிசையின் நடுவில் உட்கார வைத்தால் எழுந்து போகும்போது பத்துப் பேர் கால் மடக்க வேண்டும். அவர்களுக்கு எப்போதும் நடைபாதை ஓரத்து நாற்காலிகள்தான்.

இன்னொன்று, 6 மணி என்று பத்திரிகையில் போட்டிருந்தாலும் அப்பா 6 மணிக்கு வரமாட்டார். தொழிற்சாலையில் வழியனுப்பு, மாலை, படம் எடுப்பது எல்லாம் முடிந்து கூட வேலை செய்தவர்கள் பேண்டு வாத்தியத்தோடு கூட்டி வருவார்கள். முதலில் வீடு, அங்கே ஆரத்தி, அப்புறம்தான் ஹால். வழியில் தெரிந்தவர்கள் எல்லாம் நிறுத்தி மாலை போடுவார்கள். 7 மணிக்கு வந்தால் சீக்கிரம் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். (31ஆம் தேதி விடுமுறை நாளாக இருந்தால் தொழிற்சாலை வழியனுப்பு பெரும்பாலும் முந்தின வேலை நாளிலேயே முடிந்துவிடும். அப்போது ஊர்வலமும் அன்றைக்கே போய்விடும், ஹாலுக்கு அப்பா நேரத்தோடு வந்துவிடுவார். இதை ஷாப்பில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.) இந்த 6 முதல் 7 வரையிலான ஒரு மணி நேரத்தைத்தான் நிறைய வீடுகளில் வீணாக்குகிறார்கள். உட்கார வைக்கும் வேலை மொத்தமும் இதற்குள் முடிந்துவிட வேண்டும்.

இப்போது நாற்காலி. மினி ஹாலில் பெரும்பாலும் முன்வரிசையில் சோபா போட்டு, பின்னால் நடுவில் வழி விட்டு இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருப்பார்கள். ஹால்காரரிடம் மூன்று மாற்றம் கேளுங்கள்.

நடுவழி நான்கு அடியாவது இருக்கட்டும். அப்பாவோடு ஒரு கூட்டமே அந்த வழியாகத்தான் உள்ளே வரும். இரண்டடி விட்டால் ஓரத்தில் இருப்பவர்கள் எழுந்து நாற்காலியைத் தள்ளிவிடுவார்கள், அப்புறம் அந்த வரிசை ஒழுங்குக்கு வராது.

சோபாவின் உள்பக்க முனையில், நடுவழியை ஒட்டி, இரண்டு பக்கமும் கை வைத்த உயரமான நாற்காலி மூன்று மூன்று போடச் சொல்லுங்கள். ஆயாவும் அவர் வயதுக்காரர்களும் அதில்தான் உட்கார வேண்டும், சோபாவில் வேண்டாம். மரியாதை என்று நினைத்துப் பெரியவர்களைச் சோபாவில் உட்கார வைத்துவிடுகிறோம். அது தாழ்வாக, உள்ளே அமுங்கி இருக்கும். முட்டி வலிக்காரர் அதிலிருந்து தானாக எழ முடியாது. ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருக்கும், அதற்கு வெட்கப்பட்டு பாத்ரூம் போகாமலே உட்கார்ந்திருப்பார்கள். நாற்காலிக்குக் கை இருந்தால் ஊன்றிக்கொண்டு அவர்களே எழுந்துவிடுவார்கள். அதே முன்வரிசையில் இருப்பதால் மரியாதையும் குறையாது.

மூன்றாவது ஸ்பீக்கர் பெட்டி. மேடையின் இரண்டு ஓரத்திலும் வைத்திருப்பார்கள். அதற்கு நேர் எதிரே முதல் இரண்டு வரிசையின் வெளிமுனை நாற்காலிகளை எடுத்துவிடச் சொல்லுங்கள். காது மெஷின் வைத்திருப்பவருக்கு அந்த இடம் நரகம். கைக்குழந்தை அங்கே ஐந்து நிமிடம் தாங்காது. குழந்தைக்காரர்களுக்குப் பின்பக்கம், உடை மாற்றும் அறை வாசலுக்குப் பக்கத்தில் பத்து நாற்காலி ஒதுக்குங்கள். குழந்தை அழுதால் எழுந்து அறைக்குள் போய்விடலாம், ஃபேனும் இருக்கும். ஓடியாடும் பிள்ளைகளுக்கு மேடைக்கு முன்னால் ஒரு ஓரமாக ஜமக்காளம் விரித்து, கல்லூரி படிக்கிற சித்தி பெண்ணோ மாமா பையனோ ஒருவரைப் பொறுப்பாகப் போடுங்கள். அப்பா வரும்போது வாசலில் சரவெடி வைப்பார்கள், பிள்ளைகள் எல்லாம் படியில் ஓடும். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் அந்த ஆள்.

மாடிப்படி உங்கள் விழாவின் பெரிய சிக்கல். ஆயாவை 5.45க்கே, கூட்டம் வருவதற்கு முன்னால், மேலே கொண்டுவந்து உட்கார வைத்துவிடுங்கள். பாத்ரூம் எந்த மாடியில் என்று போன வாரமே பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். கீழே மட்டும் இருந்தால், படி ஏற முடியாத பெரியவர்களைக் கடைசி நேரத்தில் ஏற்றி, முதல் பந்திக்கே இறக்கிவிட வேண்டும். இதைக் கடைசியில் சொல்கிறேன், பேச்சோடு அது சம்பந்தப்பட்டது.

சரி, சோபா. யாருமே போய் உட்கார மாட்டார்கள். நம் பக்கம் கூட்டம் எப்போதும் பின்னாலிருந்துதான் நிறையும், முன்வரிசை யாரோ பெரிய மனிதருக்கு என்று எல்லோரும் ஒதுங்குவார்கள். மைக்கில் பத்து முறை "முன்னால் வாருங்கள்" என்றாலும் நடக்காது. யாராவது ஒரு தம்பதி முதலில் போய் உட்கார்ந்தால்தான் மற்றவர்கள் நகர்வார்கள். அந்தத் தம்பதி உங்கள் மாமனார், மாமியாராக இருக்கட்டும். சம்பந்தி வீட்டாரை மைக்கில் கூப்பிடவே கூடாது. நீங்களோ உங்கள் அம்மாவோ வாசலுக்குப் போய், கூடவே நடந்து வந்து, உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். "எங்களை யாரும் கண்டுக்கல" என்ற பேச்சு எந்த வீட்டில் எழுந்தாலும் அது சம்பந்தியைக் கூப்பிடுவதை மைக்குக்கு விட்ட வீடாகத்தான் இருக்கும். அவர்கள் உட்கார்ந்ததும் பெரியப்பா, பெரியம்மா, அப்புறம் அதிகாரிகள் வந்தால் அவர்கள் என்று சோபா தானாக நிறையும்.

மற்றவர்களுக்கு மைக் அறிவிப்பு போதும், ஆனால் எப்படிச் சொல்கிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. "வயதானவர்கள் முன்னால் வரவும்" என்று சொல்லிப் பாருங்கள், ஒருவரும் எழுந்திருக்க மாட்டார். அப்பாவின் நண்பர்களுக்கு எல்லாம் 58, 60. தன்னை வயதானவர் என்று ஒப்புக்கொண்டு 200 பேர் பார்க்க எவர் நடப்பார்? வயதைச் சொல்லாமல் வசதியைச் சொல்லுங்கள். காற்று எங்கே வரும், படி எங்கே இல்லை, வெளியே போக எது சுலபம் என்று சொன்னால் யாருக்குத் தேவையோ அவர்கள் வந்துவிடுவார்கள். கூடவே யாரிடம் போக வேண்டும் என்றும் சொல்லுங்கள். "அங்கே இடம் இருக்கு" என்று காற்றில் சொன்னால் கேட்பவர் தலையாட்டிவிட்டு நின்ற இடத்திலேயே நிற்பார்.

6 மணிக்குப் பிறகு பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, மூன்று நான்கு வாக்கியம் போதும். இப்படி:

"வாங்க, எல்லாரும் வாங்க. அப்பா வீட்டுக்கு வந்துட்டாரு, ஆரத்தி முடிஞ்சு இங்க வந்துகிட்டு இருக்காரு. ஃபேன் காத்து நல்லா வர்றது முன்பக்கம்தான், கை வெச்ச நாற்காலி அங்க போட்டிருக்கோம். பச்சைச் சட்டையில என் தம்பி நடுவழியில நிக்கிறான், அவன் கூட்டிட்டுப் போய் உக்கார வெப்பான்."

"கைக்குழந்தையோட வந்திருக்கிற அக்காங்க, அண்ணிங்க எல்லாம் பின்பக்கம் இடது ஓரம் வாங்க. ரூம் திறந்துதான் இருக்கு, தொட்டில் கட்டியிருக்கோம். ஸ்பீக்கர் சத்தம் அங்க அவ்வளவா வராது."

"குட்டிப் பசங்க எல்லாம் முன்னாடி ஜமக்காளத்துக்கு ஓடி வாங்க, அங்கதான் முறுக்கு இருக்கு."

கடைசி வாக்கியம் பொய்யாக இருக்கக்கூடாது. உண்மையிலேயே ஒரு டப்பா முறுக்கு வாங்கி அங்கே வையுங்கள்.

ஐ.சி.எஃப். என்றால் தமிழ் மட்டும் பேசுகிறவர்கள் இல்லை. தெலுங்குக்காரர்கள், மலையாளிகள், பெரம்பூரின் பழைய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், இப்போது வடக்கிலிருந்து வந்து சேர்ந்த இளைஞர்கள் எல்லாம் இருப்பார்கள். அப்பாவுக்கு நெருக்கமானவர்களில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, அவர்கள் மொழியில் ஒரே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். "ரண்டி, கூர்ச்சோண்டி" என்றால் தெலுங்குக்காரர் முகம் மலரும். "ஆயியே, பைட்டியே" இந்திக்குப் போதும். ஒரு வரிக்கு மேல் போகாதீர்கள், தப்பாகிவிட்டால் சிரிப்பாகிவிடும். முஸ்லிம் நண்பர்கள் இருந்தால் மே மாதக் கடைசியில் நம் ஊரில் சூரியன் மறைவது 6.30ஐ ஒட்டி. அப்போது மக்ரிப் தொழுகைக்கு எழுந்து போவார்கள். அவர்களையும் நடைபாதை ஓரத்திலேயே உட்கார வைத்து, திரும்பி வரும்வரை அந்த நாற்காலியைப் பார்த்துக்கொள்ளத் தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

எந்த அறிவிப்புக்கும் மசியாத கூட்டம் ஒன்று உண்டு. அப்பாவோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள். கேட்டுக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு, பழைய ஃபோர்மேன் கதை பேசிக்கொண்டு நிற்பார்கள். அவர்களை விட்டுவிடுங்கள். அப்பா வரும்போது அவர்கள்தான் தோளில் கை போட்டு மேலே கூட்டி வருவார்கள். அவர்களுக்காக நடுவில் இரண்டு வரிசையைத் துண்டு போட்டு வைத்திருந்தால் போதும்.

அப்பா உள்ளே நுழையும் நிமிடத்தில் நீங்கள் கட்டிய ஒழுங்கு எல்லாம் குலையும். எல்லோரும் எழுந்து போனைத் தூக்கிக்கொண்டு நடுவழிக்கு வருவார்கள். பதறாதீர்கள், அப்போது மைக்கில் ஒன்றும் சொல்லாதீர்கள். பேண்டு சத்தத்தில் கேட்கவும் கேட்காது. அப்பாவும் அம்மாவும் மேடை ஏறி, பேண்டு நின்ற பிறகு, உடனே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மாலையும் சால்வையும் கையில் வைத்திருப்பவர்கள் அத்தனை பேரும் மேடைக்கு ஏறிவிடுவார்கள், முக்கால் மணி நேரம் உங்களால் பேச முடியாது:

"மாலை, சால்வை எல்லாரும் போடலாம். நாலே நிமிஷம் உக்காருங்க, நான் பேசி முடிச்சதும் வரிசையா கூப்பிடுறேன். அதுவரைக்கும் அப்பாவும் கொஞ்சம் தண்ணி குடிக்கட்டும்."

தண்ணி என்று சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். ஊர்வலத்தில் வெயிலில் நின்றவர், உண்மையிலேயே தாகமாகத்தான் இருப்பார்.

இனி வரவேற்புரை. பெயர்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மேடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் பெயர் சொல்லுங்கள், இனிஷியலோடு, பதவியோடு, எழுதி வைத்துப் படியுங்கள். கீழே இருப்பவர்களில் ஆயாவைத் தவிர ஒருவர் பெயரையும் எடுக்காதீர்கள். மூன்று மாமாவின் பெயரைச் சொல்லி நான்காவது மாமாவை விட்டுவிட்டால் அது அடுத்த தலைமுறை வரை நிற்கும். குழுக் குழுவாக வரவேற்றால் யாரும் விடுபட மாட்டார்கள். சங்கங்கள் ஒன்றுக்கு மேல் இருக்கும். "அனைத்துத் தொழிற்சங்க நிர்வாகிகளே" என்று நிறுத்திக்கொள்ளுங்கள், எதை முதலில் சொல்வது என்ற வம்பே வேண்டாம். அப்பாவின் செட்டில்மென்ட் தொகை பற்றி விளையாட்டுக்குக்கூட வாய் திறக்காதீர்கள். கடன் கேட்பவர் முதல் வரிசையிலேயே இருக்கலாம்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். உங்கள் பேச்சு வழக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் இந்த வீட்டு மூத்த பொண்ணு. அப்பா மேடையில இருக்காருன்னு சொல்றாங்க, மாலைக்குள்ள எங்க இருக்காருன்னுதான் தெரியல.

முதல்ல எங்க ஆயா. அப்பாவைப் பெத்தவங்க. முன்வரிசையில உக்காந்திருக்காங்க. ஆயா, எழுந்திருக்க வேணாம், கையை மட்டும் தூக்கிக் காட்டுங்க. ஐ.சி.எஃப். 1955ல ஆரம்பிச்சது. ஆயா அதுக்கும் மூத்தவங்க. வாங்க ஆயா.

இந்த விழாவுக்குத் தலைமை தாங்க வந்திருக்கிற திரு. ... அவர்களே, அப்பாவோட ஷாப் அதிகாரி திரு. ... அவர்களே, அனைத்துத் தொழிற்சங்க நிர்வாகிகளே, உங்க எல்லாரையும் எங்க குடும்பத்தின் சார்பா வரவேற்கிறேன்.

எங்க மாமனார், மாமியார், அவங்க வீட்டுச் சொந்தக்காரங்க. இது உங்க சம்பந்தி வீட்டு விழா இல்ல, உங்க வீட்டு விழா. வாங்க.

தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர்ல இருந்து வந்திருக்கிற பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, சித்திங்க எல்லாரும் வாங்க. மூலக்கடை சிக்னல்ல நின்னு நின்னு வந்திருப்பீங்க. இன்னும் வழியில இருக்கிறவங்களுக்கும் சேர்த்தே வணக்கம் சொல்லிடுறேன், வந்ததும் அவங்களுக்குச் சொல்லிடுங்க.

எங்க தெருக்காரங்க. அப்பா நைட் ஷிப்டு போன நாளெல்லாம் எங்களைப் பார்த்துக்கிட்டவங்க நீங்கதான். வாங்க.

அப்புறம் அப்பாவோட ஷாப்ல வேலை பார்த்த மாமாங்க, அக்காங்க, இப்ப புதுசா சேர்ந்த தம்பிங்க. இவ்வளவு நேரம் கேட் பக்கத்துல நின்னீங்க, இப்ப உள்ள வந்தும் சில பேர் நின்னுகிட்டு இருக்கீங்க. நடுவுல ரெண்டு வரிசை உங்களுக்குன்னுதான் துண்டு போட்டு வெச்சிருக்கோம். அப்பா சர்வீஸ் முழுக்க ரயில் பெட்டிக்குள்ள சீட்டு மாட்டுற வேலை பார்த்தவரு. அவர் விழாவுல ஒருத்தர்கூட ஸ்டாண்டிங்ல வரக்கூடாது. உக்காருங்க மாமா."

இந்த இடத்தில் நிறுத்துங்கள். சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே உட்காருவார்கள். அவர்கள் உட்கார்ந்து முடியும் வரை, பத்து விநாடி ஆனாலும், அடுத்த வரிக்குப் போகாதீர்கள். அப்பா சீட் வேலை பார்த்தவர் இல்லை, பெயின்ட், வயரிங், பேனல் என்று வேறு ஏதாவது என்றால் இந்த வரியை மாற்ற வேண்டும். ஷாப் ஆட்களின் முன்னால் தப்பான வேலையைச் சொன்னால் மானம் போய்விடும். வந்தே பாரத் முதல் வண்டி 2018ல் ஐ.சி.எஃப்பில்தான் தயாரானது. அப்பா கை அதில் பட்டிருந்தால் அதையும் இங்கே ஒரு வரி சேர்க்கலாம். கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு தொடருங்கள்:

"ஜமக்காளத்துல இருக்கிற வாண்டுங்களே, முறுக்கு தீர்ந்துடுச்சா? உங்களுக்கும் வணக்கம். இன்னைக்குத் தாத்தாவுக்கு ஸ்கூல் லீவு விட்டாச்சு, நாளையில இருந்து உங்களை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறது அவர்தான்னு அம்மா முடிவு பண்ணிட்டாங்க.

அம்மாவுக்கு நான் வரவேற்பு சொல்லப் போறதில்ல. விடியற்காலையில எழுந்து அப்பாவுக்கு டிபன் பாக்ஸ் கட்டினவங்க, இன்னைக்கு அவங்களும் ரிட்டயர் ஆகுறாங்க. அம்மாவுக்கு ஒரு கைத்தட்டல்.

இப்ப ரெண்டே விஷயம். மொதல்ல ஆயாவும் அவங்க வயசுல இருக்கிற சொந்தக்காரங்களும் ஆசீர்வாதம் பண்ணுவாங்க. மேடை ஏற வேணாம், அப்பாவும் அம்மாவும் கீழ இறங்கி வருவாங்க. அதுக்கப்புறம் சால்வை, மாலை. வலது பக்கப் படியில ஏறி, இடது பக்கம் இறங்குங்க. முன்வரிசையில ஆரம்பிச்சு ஒவ்வொரு வரிசையா கூப்பிடுறோம். உங்க வரிசை வர்ற வரைக்கும் உக்காந்தே இருங்க. வேற ஊர்வலத்துக்கும் போக வேண்டியவங்க மட்டும் என் தம்பிகிட்ட சொல்லுங்க, முன்னாடி அனுப்பிடுவான். சாப்பாடு கீழ, முதல் பந்தி 8 மணிக்கு. எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும். வணக்கம்."

மே 31 பள்ளி விடுமுறைக் காலம், அதனால் பேரப்பிள்ளைகள் வரியை "பள்ளிக்கூடம் திறந்ததும்" என்று மாற்றிக்கொள்ளலாம். சத்தமாகப் படித்துப் பாருங்கள், சிரிப்புக்கும் கைத்தட்டலுக்கும் நிறுத்தினாலும் நான்கு நிமிடத்தைப் பெரிதாகத் தாண்டாது. தாண்டினால் நடுவில் ஏதோ சேர்த்திருக்கிறீர்கள். அப்பாவின் சர்வீஸ் வரலாறு, அவர் குணம், அவர் பட்ட கஷ்டம் எல்லாம் பின்னால் பேசுகிறவர்களுக்கு வேண்டும். அதை நீங்களே சொல்லிவிட்டால் ஷாப் மாமாக்களுக்கு மைக்கில் ஒன்றும் மிச்சம் இருக்காது.

பெரியவர்களை மேடை ஏற்றாமல் அப்பா இறங்கி வரவேண்டும் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. மினி ஹால் மேடைக்குப் படி மூன்றோ நான்கோதான், ஆனால் பெரும்பாலும் கைப்பிடி இருக்காது. பூவும் ஜரிகைத் தாளும் கொட்டிக் கிடக்கும், வழுக்கும். அதோடு அப்பா, அம்மா இருவரும் ஆயாவின் காலில் விழுவார்கள். மேடையில் சோபா, டீபாய், குத்துவிளக்கு நடுவே அதற்கு இடம் போதாது. கீழே முன்வரிசைக்கும் மேடைக்கும் நடுவே ஆறு அடி விட்டு வையுங்கள். போட்டோகிராபரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவர் மேடையிலேயே விளக்கைக் கட்டிவைத்துவிட்டு எல்லோரையும் மேலே கூப்பிடுவார்.

பேச்சின் நடுவில் உள்ளூர்ப் பிரமுகர் யாராவது ஆட்களோடு வந்து நுழைவது இங்கே சகஜம். அந்தக் குழுவை முடித்துவிட்டு, "இப்போது வருகை தந்திருக்கும் ... அவர்களை வரவேற்கிறோம், முன்வரிசைக்கு வாங்கண்ணா" என்று ஒரு வரி சொல்லி விட்ட இடத்திலிருந்து போங்கள். அவருக்காகப் பேச்சை முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டாம். சோபாவில் இரண்டு இடம் கடைசி வரை காலியாக இருக்கும்படி தம்பி பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் யாராவது சித்தப்பாவை எழுப்பவேண்டி வரும், அதைவிட அவரை முதலில் உட்கார வைக்காமலே இருந்திருக்கலாம்.

இப்போது மாடிப்படி விஷயம். சாப்பிடக் கீழே போனவர்கள் திரும்ப மேலே ஏறமாட்டார்கள். கையில் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு அப்படியே வீட்டுக்குத்தான். ஆகவே சால்வை வரிசையும் பந்தியும் ஒரே வரிசையில் போக வேண்டும். யார் முதலில் அப்பாவைப் பார்த்து முடித்தார்களோ அவர்கள் முதல் பந்தி. ஆயா, பெரியவர்கள், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள், குழந்தைக்காரர்கள் முதலில் இறங்கட்டும். சம்பந்தி வீட்டாரும் முதல் பந்தியில்தான், அவர்கள் இலைக்குப் பக்கத்தில் உங்கள் கணவர் நிற்க வேண்டும். பிரியாணி என்றால் சைவக்காரர்களுக்குத் தனி மேஜை எந்தப் பக்கம் என்று படிக்கட்டின் கீழே ஒரு ஆள் நின்று சொல்ல வேண்டும். மாடி மைக்கில் சொன்னால் கீழே போவதற்குள் மறந்துவிடும். கீழே ஒரு பந்திக்கு எத்தனை பேர் உட்காரலாம் என்று ஹால்காரரிடம் கேட்டு, அந்த எண்ணிக்கைக்கு எத்தனை வரிசை வருகிறதோ அத்தனை வரிசையை மட்டும் ஒரு தடவையில் கூப்பிடுங்கள். எண்பது பேர் பந்தி, வரிசைக்கு பதினாறு பேர் என்றால் முதல் ஐந்து வரிசை. ஆறாவது வரிசையை அந்தப் பந்தி எழுந்து இலை எடுக்கும்போது கூப்பிட்டால் படியில் யாரும் நிற்க வேண்டியிருக்காது.